கைல் ரீஸை அனுப்பியது யார்? காலப்பயணக் கதையில் விதிமுறையை நடுவில் மாற்றினால்…

காலப்பயணத் திரைக்கதை ஒன்றைச் சரிபார்க்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: பின்னோக்கிப் போனவர் எதையாவது மாற்றுகிறாரா, இல்லை ஏற்கெனவே நடந்ததையே நடத்தி வைக்கிறாரா? நடத்தி மட்டும் வைக்கிறார் என்றால் அது மூடிய வளையம். அவர் கை வைத்த இடத்திலிருந்து இன்னொரு காலக்கோடு பிரிகிறது என்றால் அது கிளைமுறை. எது என்று தீர்மானிக்காமல் எழுதுவதுதான் பெரும்பாலான ஓட்டைகளுக்குக் காரணம்.

1984-இல் வந்த 'தி டெர்மினேட்டர்' ஒரு மூடிய வளையம். 2029-இல் எந்திரங்களோடு போரிடும் ஜான் கானர், தன் தாய் சாராவைக் கொல்ல எந்திரங்கள் 1984-க்கு அனுப்பிய கொலை எந்திரத்திடமிருந்து அவரைக் காப்பாற்ற கைல் ரீஸை அங்கே அனுப்புகிறார். அந்த கைல்தான் ஜானின் தந்தையாகிறார். ஜான் பிறக்கக் கூடாதென்று எந்திரங்கள் எடுத்த நடவடிக்கையே அவர் பிறக்கக் காரணமாகிறது.

அப்படியானால் கைலுக்குச் சுயவிருப்பம் இல்லையா? இருக்கிறது. சாராவைக் காதலிக்கும்படி அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அவர் எடுத்த முடிவும் சேர்ந்ததுதான் அந்த வரலாறு. இதை நாம் நம்புவதற்கு ஒரு சின்ன ஏற்பாடு உதவுகிறது: தந்தையாகப் போவது தானே என்று கைலுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், அவர் விலகிப் போகாமல் தடுப்பது எது என்று படம் விளக்க வேண்டியிருக்கும். பல வளையக் கதைகள் சறுக்குவது இங்கேதான். எல்லாம் தெரிந்த பிறகும் நாயகன் காரணமின்றி அதையே செய்வான். 'அது விதி' என்று சொல்லி எழுத்தாளர் சமாளிப்பார். உண்மை அவனுக்குத் தாமதமாகவோ அரைகுறையாகவோ தெரியும்படி எழுதினால் இந்தச் சிக்கலே வராது.

1991-இல் வந்த இரண்டாம் பாகம் வேறு வழியில் போகிறது. 1997 ஆகஸ்ட் 29-இல் 300 கோடிப் பேர் மடியப்போகும் அழிவைத் தடுக்க, முதல் பாகத்தில் வந்த கொலை எந்திரத்தின் சில்லு உருக்கு உலையில் வீசப்படுகிறது. அந்தச் சில்லைப் பார்த்துத்தான் எதிர்கால எந்திரங்களுக்கான ஆய்வே நடந்தது. ஆக, முதன்முதலில் அதைச் சிந்தித்தவர் என்று யாருமே இல்லை. வளையத்துக்குள் இது முரணல்ல, வினோதம்தான். ஆனால் அந்த அழிவோடு தொடங்கும் போரே நின்றுவிட்டால் கைலை அனுப்பியது யார்? ஜான் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறான்?

கிளைமுறை இதற்குச் சுலபமாகப் பதில் சொல்லும்: கைல் வந்தது பழைய கோட்டிலிருந்து, ஜான் வாழ்வது புதியதில். முரண் தீர்ந்துவிடும், சுயவிருப்பத்துக்கும் வலிமை கூடும். ஆனால் பழைய கோட்டில் அந்த 300 கோடிப் பேரும் இறந்தவர்கள்தான். சாரா காப்பாற்றியது இன்னொரு உலகத்தை. கிளைமுறையில் எழுதுபவர்கள் பெரும்பாலும் மறைக்கும் விலை இது. அதை நேராகப் பேசும் கதைதான் நிற்கும்.

2003-இல் வந்த மூன்றாம் பாகம், அழிவு தள்ளிப்போனதே தவிர நிற்கவில்லை என்றது. கைலை அனுப்பப் போர் மீண்டும் கிடைத்துவிட்டது, ஆனால் இரண்டாம் பாகத்தில் சாரா போராடி எடுத்த முடிவின் கனம் பாதியாகக் குறைந்துபோனது.