கோபா எவ்வளவு கனம் என்பதைத் தண்ணீர்க் குழாய்தான் முடிவு செய்கிறது

மொட்டைமாடி ஒழுகுகிறது என்று கூப்பிடுபவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சதுர அடிக்கு என்ன ரேட்?" என்பதுதான். பிரிக்பேட் கோபாவுக்கு அப்படி ஒரே ரேட்டை யாராலும் நேர்மையாகச் சொல்ல முடியாது. செங்கல் துண்டுகளைக் கலவையில் பதித்து வாட்டம் கொடுக்கும் வேலை இது. மழைநீர்க் குழாயின் வாயருகே கனம் குறைவாகவும், அங்கிருந்து விலக விலக அதிகமாகவும் இருக்கும். எனவே குழாய் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கனம் தெரியாது. கனம் தெரியாமல் சிமெண்ட் கணக்கும் வராது. அதைப் பார்க்காமலே ரேட் சொல்கிறவர் பிறகு எங்கோ ஒரு அடுக்கில் கையை வைப்பார்.

தாம்பரம் பக்கத்தில் செய்த ஒரு மாடியையே எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், மொத்தம் 60 சதுர மீட்டர். நீளப் பக்கத்தின் இரண்டு மூலைகளிலும் குழாய்கள். எதிர்ச்சுவரின் நடுவில் விழும் மழைத்துளி ஒரு குழாயை அடைய கிட்டத்தட்ட 7.8 மீட்டர் ஓட வேண்டும். 100-க்கு 1 வாட்டம் என்றால் அந்த இடம் குழாய் வாயைவிட 78 மில்லிமீட்டர் உயரமாக இருக்க வேண்டும். மத்தியப் பொதுப்பணித் துறையின் வேலை விவரப்படி, குழாய் வாயில் மொத்தக் கனம் 65 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. ஆக 65-ல் தொடங்கி 143-ல் முடிகிறது. சராசரி சுமார் 105 மில்லிமீட்டர். இதில் அடியில் 20 கலவைப் படுகை, மேலே 20 பூச்சு. நடுவில் மிஞ்சுகிற 65 செங்கல் அடுக்கு.

இப்போது ஒரு சதுர மீட்டருக்கு என்ன வேண்டும் என்று பார்க்கலாம். சுத்தம் செய்த தளத்தின்மேல் முதல் சிமெண்ட் பால், 2.75 கிலோ சிமெண்ட். அதன்மேல் 1:5 கலவைப் படுகைக்கு 6.4 கிலோ. செங்கல் அடுக்கில் பாதி செங்கல், பாதி அதே 1:5 கலவை, அதற்கு 10.4 கிலோ சிமெண்டும் 17 செங்கலும் போகும். இரண்டாவது சிமெண்ட் பாலுக்கு மறுபடி 2.75. மேல்பூச்சு 1:4 கலவையில் 7.7, கடைசியாகத் தேய்த்து மெருகேற்ற சுமார் 2 கிலோ. கூட்டினால் 32 கிலோ சிமெண்ட், 0.08 கன மீட்டர் மணல், அதாவது 2.8 கன அடி. ஐ.எஸ். 2645 தரமுள்ள நீர்த்தடுப்பு திரவம் பெரும்பாலும் மூட்டைக்கு 200 மில்லி என்ற அளவில் வருகிறது. நீங்கள் வாங்கும் டப்பாவில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றுங்கள்.

மாடி முழுவதற்கும், கைப்பிடிச் சுவரில் 300 மில்லிமீட்டர் உயரம் ஏற்றிப் பூசுவதையும் சேர்த்தால், 41 மூட்டை சிமெண்ட், சேதாரத்தோடு 185 கன அடி மணல், 1,100 செங்கல், 8 லிட்டருக்குச் சற்று மேல் திரவம். இதே மாடிக்கு 25 மூட்டை போதும் என்று ஒருவர் சொன்னால், கலவை மெலிகிறது அல்லது வாட்டம் காணாமல் போகிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரியவரும். சதுர மீட்டருக்கு 200 கிலோ எடை ஏறுகிறது. 60 சதுர மீட்டருக்கு 12 டன்னுக்குக் குறையாது. ஆட்கள் நடமாடும் மாடிக்குப் பொதுவாக வடிவமைப்பில் எடுக்கும் நகரும் சுமையே சதுர மீட்டருக்கு 150 கிலோதான். கோபாவின் எடையைத் தளம் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். பழைய கோபா ஒழுகுகிறது என்று அதன்மேலேயே இன்னொரு கோபா போடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. எடையைக் குறைக்க நல்ல வழி குழாயைக் கூட்டுவது. மேலே சொன்ன மாடியில் நான்கு மூலையிலும் குழாய் இருந்தால் சராசரி 95 ஆக இறங்கும். ஒரு டன்னுக்கு மேல் மிச்சம்.

வேலையில் அதிகம் கெடுவது முதல் சிமெண்ட் பால்தான். வெயிலில் மாடி முழுக்க ஒரே மூச்சில் அடித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கலவை போடுவார்கள். அதற்குள் அது காய்ந்து தூளாகி நிற்கும். கலவை தளத்தோடு ஒட்டாது. நடுவே தண்ணீர் ஓட ஒரு பாதை கிடைத்துவிடும். தளத்தை நனைத்துவிட்டு, அரை மணி நேரத்தில் கலவை போட முடிகிற அளவுக்கு மட்டும் அடித்து, பிசுபிசுப்பு இருக்கும்போதே படுகையைப் போட வேண்டும். செங்கல் துண்டுகளும் முன்பே தண்ணீரில் ஊறியிருக்க வேண்டும். உலர்ந்த செங்கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், கலவை இறுகாமல் மணலாக நிற்கும். வேகாத கல்லை ஓரமாகத் தள்ளிவிடுங்கள்.

வாட்டத்தைச் செங்கல் அடுக்கிலேயே முடித்துவிட வேண்டும். டியூப் லெவல் வைத்து மட்டப் புள்ளிகள் போட்டு, நூல் கட்டி, அதற்கேற்பத் துண்டுகளைப் பதிக்க வேண்டும். கோபாவை மட்டமாகப் போட்டுவிட்டு மேல்பூச்சில் வாட்டம் பிடிக்கலாம் என்று சில மேஸ்திரிகள் சொல்வார்கள். பூச்சு ஓரிடத்தில் 15, இன்னோரிடத்தில் 60 என்று போகும்; கனம் மாறும் இடத்தில் முதல் கோடையிலேயே வெடிக்கும். பூச்சு எங்கும் ஒரே 20 மில்லிமீட்டர், அதன் மேல்பாகத்தில் கண்ணாடி இழைத் துணி, மேலே 300 மில்லிமீட்டர் சதுரமாக 3 மில்லிமீட்டர் ஆழக் கோடுகள். சுருங்கும்போது வெடிப்பு அந்தக் கோடுகளில் போகும். சுவரும் தளமும் சேரும் மூலையைக் கூர்மையாக விடாமல் உருட்டிவிடுங்கள். குழாயைக் கோபா போடுவதற்கு முன்பே பொருத்தி, சுற்றியுள்ள இடைவெளியைச் சுருங்காத கிரவுட் என்ற நிரப்புக் கலவையால் அடைத்திருக்க வேண்டும். பிறகு உடைத்துப் பொருத்திய குழாய்தான் நான் பார்த்த ஒழுக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

கோபா கெட்டுவிட்டதா என்று கீழே இருந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். மழை நின்று பல நாள் கழித்தும் ஃபேன் மாட்டும் பெட்டியிலிருந்து சொட்டுகிறது என்றால், செங்கல் அடுக்கு நீரைக் குடித்து நிற்கிறது. தண்ணீர் நுழைந்த இடம் சொட்டும் இடத்துக்கு மேலேயே இருக்க வேண்டியதில்லை. பல மீட்டர் தள்ளிக்கூட இருக்கும். மேலே போய் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று வெற்றொலி வரும் பகுதி விட்டுப் பிரிந்துவிட்டது. அங்கே வெடிப்பின்மேல் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருக்கும் நீர் அடைபட்டுப்போகும். அந்தப் பகுதியைப் பெயர்த்தெடுத்துக் காயவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். தளமே அசைந்து விரிந்த விரிசல் என்றால் கோபா தாங்காது. அது விறைப்பான பொருள், கீழே அசைந்தால் மேலேயும் வெடிக்கும்.

தண்ணீர் தேக்கிப் பார்ப்பது இரண்டு முறை. ஒன்று, கோபா போடுவதற்கு முன் வெறும் தளத்தில் மூன்று நாள்; கீழே ஈரம் தெரிகிற இடங்களில் சிமெண்ட் கிரவுட் ஏற்றிவிடலாம். இரண்டாவது, எல்லாம் முடிந்தபின் பாத்தி கட்டி இரண்டு வாரம். சிமெண்ட் இறுக நீராற்றுவதும் சோதிப்பதும் அதிலேயே நடந்துவிடும். நீர்மட்டத்தைச் சுவரில் கோடு போட்டுக்கொண்டு, பக்கத்திலேயே ஒரு அகலமான தொட்டியில் அதே ஆழத்துக்குத் தண்ணீர் வையுங்கள். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் வெயில் குடித்தது. மாடியில் மட்டும் வேகமாக இறங்கினால், ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணையைக் கொடுக்காமல் முதலில் குழாய் வாயையும் சுவர் மூலைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.