50 நாள் வட்டியில்லாச் சலுகை எப்போது கைவிட்டுப் போகிறது?

கிரெடிட் கார்டு வாங்கும்போது ‘50 நாள் வரை வட்டி கிடையாது’ என்று சொல்லித் தருவார்கள். அதில் ‘வரை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எல்லாச் செலவுக்கும் 50 நாள் கிடைப்பதில்லை. அதைவிட முக்கியமாக, அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை உண்டு.

உங்கள் கார்டின் ஸ்டேட்மென்ட் தேதி ஒவ்வொரு மாதமும் 10 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 11 முதல் மே 10 வரை செய்த செலவெல்லாம் ஒரே பில்லில் சேரும். இந்த ஒரு மாத இடைவெளிதான் பில்லிங் சைக்கிள். மே 10 அன்று பில் போடப்படும். பணம் கட்ட அதிலிருந்து 20 நாள் அவகாசம் என்றால், கெடு தேதி மே 30.

ஏப்ரல் 11 அன்று வாங்கிய பொருளுக்கு மே 30 வரை 49 நாள் கிடைக்கிறது. அதே பொருளை மே 10 அன்று வாங்கியிருந்தால் 20 நாள்தான். கெடு தேதி இரண்டுக்கும் ஒன்றே. வாங்கிய நாள்தான் வேறு. பெரிய செலவைத் தள்ளிப்போட முடியுமானால் பில் போட்ட மறுநாள் செய்வது லாபம். ஸ்டேட்மென்ட் தேதி உங்கள் சம்பள நாளுக்குப் பொருந்தவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம். குறைந்தது ஒரு முறையாவது அந்த வாய்ப்பைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

இனி நிபந்தனைக்கு வருவோம். பில்லில் உள்ள மொத்தத் தொகையையும் கெடு தேதிக்குள் கட்டினால்தான் வட்டி இல்லை. ‘மினிமம் ட்யூ’ என்று அச்சிட்டிருக்கும் சிறிய தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் மட்டுமே தவிரும். வட்டி ஓடும். அதுவும் கெடு தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய நாளிலிருந்தே.

ஏப்ரல் 15 அன்று 20,000 ரூபாய்க்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கினீர்கள். மே 30 அன்று 18,000 கட்டிவிட்டு 2,000 ரூபாயை மட்டும் பாக்கி வைக்கிறீர்கள். வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதம், அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம். பாக்கி 2,000தானே, மாதத்துக்கு 70 ரூபாய் வட்டி வரும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் பல வங்கிகளின் விதிமுறைப்படி, ஏப்ரல் 15 முதல் மே 30 வரையிலான 45 நாளுக்கும் முழு 20,000 ரூபாய்க்கு வட்டி போடப்படும். அது மட்டும் சுமார் 1,035 ரூபாய். பிறகு ஜூன் 10 வரை மீதி 2,000 ரூபாய்க்கு இன்னொரு 25 ரூபாய். இந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் ஏறத்தாழ 1,250 ரூபாய். 2,000 ரூபாயைப் பத்துப் பதினைந்து நாள் தள்ளிப்போட்டதற்கு இவ்வளவு விலை.

இதோடு முடிவதில்லை. பழைய பாக்கி ஒரு ரூபாய் இருந்தாலும் புதிய செலவுகளுக்கான வட்டியில்லா நாட்கள் நின்றுவிடும். ஜூன் 1 அன்று 5,000 ரூபாய்க்கு மளிகை வாங்கினால் அன்றிலிருந்தே அதற்கு வட்டி ஓடத் தொடங்கும். அதனால் பாக்கி தீரும்வரை அந்தக் கார்டைத் தேய்க்காமல் இருப்பதே நல்லது. அன்றாடச் செலவை டெபிட் கார்டிலோ யு.பி.ஐ.யிலோ பார்த்துக்கொள்ளலாம்.

ஏ.டி.எம்.மில் கிரெடிட் கார்டால் எடுக்கும் பணத்துக்கு இந்தச் சலுகை எப்போதுமே கிடையாது. பில்லை முழுதாகக் கட்டுபவருக்கும் பணம் எடுத்த நாளிலிருந்தே வட்டி உண்டு. தனிக் கட்டணமும் உண்டு.

கெடு தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இதைக் கூடுதல் வட்டியில்லா நாட்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அது தாமதக் கட்டணத்துக்கான சலுகை. வேறு வங்கிக் கணக்கிலிருந்து கட்டும் பணம் கார்டில் வரவாக ஒன்றிரண்டு நாள் ஆகலாம் என்பதால், கெடு தேதிக்கு மூன்று நாள் முன்பே கட்டிவிடுவது பாதுகாப்பு.

சலுகையை மீட்க வழி, அடுத்த பில்லை முழுதாகக் கட்டுவது. நம் எடுத்துக்காட்டில் ஜூன் 10 பில்லை ஜூன் 30 அன்று முழுதாகக் கட்டிவிட்டீர்கள். ஆனாலும் ஜூலை 10 பில்லில் மறுபடி ஒரு வட்டித் தொகை இருக்கும். பலர் இதைத் தவறான பில் என்று நினைத்து வாடிக்கையாளர் சேவையை அழைக்கிறார்கள். ஜூன் 10 முதல் ஜூன் 30 வரை பழைய பாக்கி 2,000, மளிகை 5,000 ஆக 7,000 ரூபாய் நிலுவையில்தான் இருந்தது. அந்த 20 நாளுக்கான வட்டியாகிய சுமார் 160 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் பிந்தி வந்திருக்கின்றன. அதையும் கட்டிய பின் ஆகஸ்ட் 10 பில்லில் ‘பைனான்ஸ் சார்ஜஸ்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே பூஜ்ஜியம் இருந்தால், வட்டியில்லா நாட்கள் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டன.