மூக்கு வழியே வலி நிவாரணம்: கை முறிந்த குழந்தைக்கு முதல் பத்து நிமிடங்கள்

கை முறிந்து அவசரப் பிரிவுக்கு வரும் குழந்தைக்கு வலியைக் குறைப்பதில் நீண்ட காலம் இருந்த சிக்கல் மருந்து இல்லாதது அன்று. மருந்து உள்ளே போகும் வழிதான். இரத்த நரம்பு வழியே மார்பின் என்னும் வலுவான வலி மருந்தைக் கொடுத்தால் வலி விரைவாகத் தணியும். ஆனால் ஏற்கெனவே அழுதுகொண்டிருக்கும் குழந்தையின் மறு கையில் நரம்பைத் தேடி ஊசி ஏற்ற வேண்டும், அதற்கு ஆளும் நேரமும் வேண்டும். வாய்வழி மருந்து எளிது என்றாலும், அது வயிற்றைக் கடந்து குடலில் உறிஞ்சப்பட்டு வேலை செய்யத் தொடங்க ஏறத்தாழ அரை மணி நேரமாகும். அதற்குள் எக்ஸ்ரே எடுக்கக் கையைத் திருப்பியிருப்பார்கள். இந்த இடைவெளியை நிரப்புவதே மூக்கு வழி மருந்தின் வேலை.

மூக்கின் உட்புறச் சளிச்சவ்வில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடர்ந்துள்ளன. கொழுப்பில் எளிதாகக் கரையும் மருந்து அந்தச் சவ்வைக் கடந்து நேரே இரத்தத்தில் சேர்ந்துவிடும். குடலில் உறிஞ்சப்பட்ட மருந்தைப் போல முதலில் கல்லீரலுக்குச் சென்று பெரும்பகுதி சிதைவதில்லை. மார்பினைப் போலவே ஓபியாய்டு வகையைச் சேர்ந்த ஃபென்டனில் என்னும் மருந்து இதற்குப் பொருத்தமானது; கொழுப்பில் குறைவாகவே கரையும் மார்பின் இவ்வழியில் அவ்வளவு நன்றாக உறிஞ்சப்படுவதில்லை. மூக்கில் தெளித்த ஃபென்டனில் சில நிமிடங்களிலேயே வலியைக் குறைக்கத் தொடங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பயன் தரும். ஆஸ்திரேலியாவில் ஏழு முதல் பதினைந்து வயது வரையிலான குழந்தைகளின் நீள் எலும்பு முறிவுகளில் இதை நரம்பு வழி மார்பினோடு ஒப்பிட்ட ஆய்வு 2007இல் வெளியானது. வலி குறைந்த அளவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

கணக்கு எடையில் தொடங்குகிறது. ஊஞ்சலிலிருந்து விழுந்து முன்கையின் இரண்டு எலும்புகளும் முறிந்த ஆறு வயதுச் சிறுமியை எண்ணிக்கொள்வோம். தராசில் நிறுத்தினால் 20 கிலோ. வழக்கமான அளவு கிலோவுக்கு 1.5 மைக்ரோகிராம், அதாவது 30 மைக்ரோகிராம். ஒரு மில்லிலிட்டரில் 50 மைக்ரோகிராம் உள்ள சாதாரண ஊசி மருந்தில் இது 0.6 மி.லி. இதை இரண்டாகப் பகிர்ந்து ஒவ்வொரு நாசியிலும் 0.3 மி.லி. தெளிக்க வேண்டும். சிரிஞ்சின் நுனியில் மாட்டும் தெளிப்பான் முனையின் உள்ளேயே ஏறத்தாழ 0.1 மி.லி. தங்கிவிடும் என்பதால் சிரிஞ்சில் 0.7 மி.லி. எடுப்பது வழக்கம். இந்தச் சிறு கூடுதலை மறந்தால் குழந்தைக்குச் சேர வேண்டியதில் ஆறில் ஒரு பங்கு பிளாஸ்டிக்கிலேயே நின்றுவிடும்.

மருந்தின் அளவைப் போலவே அதன் கனஅளவும் இங்கே முக்கியம்; பலர் கவனிக்கத் தவறுவது இதைத்தான். ஒரு நாசி வசதியாகத் தாங்குவது 0.3 மி.லி. அளவுதான், மிஞ்சிப் போனால் ஒரு மி.லி. அதற்கு மேல் போனால் மருந்து தொண்டைக்குள் வழிந்து விழுங்கப்படும். விழுங்கிய மருந்து மெதுவாகவும் குறைவாகவும்தான் வேலை செய்யும். 40 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு அதே கணக்கில் 1.2 மி.லி. வரும்; இதை ஒவ்வொரு நாசியிலும் இரண்டு தவணையாக, சிறிது இடைவெளி விட்டுத் தெளிக்கலாம். ஒரே முறையில் 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது பல மருத்துவமனைகளின் வரம்பு.

சிரிஞ்சின் தண்டை விசையோடு அழுத்தினால்தான் மருந்து பனிப்புகை போலப் பரவும்; மெதுவாக அழுத்தினால் துளித்துளியாக ஒழுகும். அழுத பிள்ளையின் மூக்கு நீரால் நிறைந்திருக்கும் என்பதால் முதலில் மூக்கைச் சிந்தச் செய்வது நல்லது. இரத்தம் வடியும் மூக்கில் இம்முறை நம்பத்தகாதது. தலையில் அடிபட்டு நினைவு மங்கிய குழந்தைக்கு ஃபென்டனிலை இப்படி எளிதாகக் கொடுத்துவிடக் கூடாது. மற்றவர்களுக்கும் தூக்கக் கலக்கத்தையும் மூச்சின் வேகத்தையும் ஆக்சிஜன் அளவையும் கவனித்தபடியே இருக்க வேண்டும். ஃபென்டனிலின் விளைவை முறிக்கும் நலாக்சோன் என்னும் மருந்தும் கையருகில் இருக்க வேண்டும். ஆகவே இது பயிற்சி பெற்றவர்களின் கண்காணிப்பில் மட்டும் செய்யத்தக்கது.

ஃபென்டனிலைத் தவிர்க்க வேண்டிய நிலையில் கீட்டமின் என்னும் வேறு வகை மருந்து இருக்கிறது. மூக்கு வழி கீட்டமினையும் ஃபென்டனிலையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் வலி ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. ஆனால் கீட்டமின் பெற்ற குழந்தைகளிடம் தலைசுற்றல் போன்ற சிறு தொல்லைகள் அதிகம். கிலோவுக்கு 1 மி.கி. என்றால் நம் சிறுமிக்கு 20 மி.கி.; ஒரு மில்லிலிட்டரில் 50 மி.கி. உள்ள மருந்தில் 0.4 மி.லி.

மூக்கில் தெளித்த கையோடு வாயிலும் மருந்து கொடுக்க வேண்டும், ஏனெனில் ஃபென்டனில் விலகும் நேரத்தில் வாய்வழி மருந்து உச்சத்தில் இருக்க வேண்டும். ஐபுபுரூஃபன் கிலோவுக்கு 10 மி.கி.: சிறுமிக்கு 200 மி.கி., 5 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சிரப்பில் 10 மி.லி. பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மி.கி.: 300 மி.கி. இதில்தான் தவறு நிகழ்கிறது. இந்தியாவில் பாராசிட்டமால் 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பாகவும் அதில் பாதி வலுவுள்ள சிரப்பாகவும் கிடைக்கிறது; கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மி.கி. இருக்கும். முதல் சிரப்பில் 6 மி.லி. சரி, அதே 6 மி.லி.யைச் சொட்டு மருந்தில் எடுத்தால் 600 மி.கி., இரு மடங்கு. எனவே எழுதும்போது மில்லிலிட்டரோடு மில்லிகிராமையும் எழுதுவதே என் பார்வையில் பாதுகாப்பான வழக்கம். பெற்றோர் வீட்டில் ஏற்கெனவே என்ன கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பதையும் கேட்டாக வேண்டும்.

வாய்வழி மார்பின் இன்னும் வலுவானதாக இருக்கும் என்று தோன்றலாம். எளிய எலும்பு முறிவுடன் வீடு திரும்பிய குழந்தைகளிடம் கனடாவில் நடந்த, 2014இல் வெளியான ஆய்வில் அது ஐபுபுரூஃபனை விட அதிகமாக வலியைக் குறைக்கவில்லை. குமட்டல், மயக்க நிலை போன்ற தொல்லைகளே அதிகம். கோடீன் என்னும் இன்னொரு ஓபியாய்டு மருந்தின் நிலை இன்னும் மோசம். உடல் அதை மார்பினாக மாற்றும் வேகம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடுவதால், சிலருக்குப் பயனே இராது, சிலருக்கு ஆபத்து நேரும். 12 வயதுக்குட்பட்டோருக்கு அதைக் கொடுக்கக் கூடாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் அறிவித்தது.

சிறுமிக்கு மருந்து கொடுத்த பத்தாவது நிமிடத்தில் முகப்படங்கள் உள்ள வலி அளவுகோலைக் காட்டி மீண்டும் கேட்க வேண்டும். இடையில் கையைச் சிம்பு வைத்துக் கட்டியிருந்தால் அதுவே வலியைக் கணிசமாகத் தணித்திருக்கும். வலி இன்னும் கடுமையாக இருந்து அவள் விழிப்போடும் இருந்தால், முதல் அளவில் பாதியையோ முழுவதையுமோ மறுபடி தெளிக்கலாம். இதன் பிறகும் வலி ஏறிக்கொண்டே போனால், மேலும் மருந்தை நாடுமுன் கையைப் பார்க்க வேண்டும். கட்டு இறுகியிருக்கிறதா, விரல்கள் வெளுத்துக் குளிர்ந்துள்ளனவா, விரல்களை மெல்ல நீட்டும்போதே அலறுகிறாளா என்று பார்ப்பது அவசியம். வீங்கிய தசைக்குள் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் தடைபடுவதை முதலில் காட்டுவது பெரும்பாலும் மருந்துக்கு அடங்காத இந்த வலிதான். அப்போது கட்டைத் தளர்த்தி எலும்பியல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும்.