தூக்கமும் ரத்த அழுத்தமும்: விவாதப் பகுதியில் எங்கே அடக்கம், எங்கே துணிச்சல்?

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகள் இதழுக்குப் போகும் முன் அவற்றைப் படித்துத் திருத்துவது என் வேலை. முடிவுகள் பகுதியில் எண்கள் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். விவாதப் பகுதிக்கு வந்ததும் அதே எண்களின் தலையில் தாங்காத பாரத்தை ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த பத்தியிலேயே, கண்ணால் பார்த்து எண்ணியதைச் சொல்லக்கூடத் தயங்குகிறார்கள்.

ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் 300 பேர், அதற்கு மேல் தூங்கும் 300 பேர். இருதரப்பிலும் ஒரே முறை கேள்வி கேட்டு, அன்றே ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். முதல் தரப்பில் 123 பேருக்கும் இரண்டாவதில் 90 பேருக்கும் உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது. ஒவ்வொரு தரப்பிலும் நோய் உள்ளவர்களை இல்லாதவர்களால் வகுத்து, அந்த இரண்டு விகிதங்களையும் ஒப்பிடும் ஆட்ஸ் ரேஷியோ 1.6. அதன் உண்மை மதிப்பு எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்று காட்டும் 95% நம்பக இடைவெளி 1.2 முதல் 2.3 வரை.

விவாதப் பகுதி இப்படித் தொடங்குகிறது: “குறைந்த தூக்கம் உயர் ரத்த அழுத்த ஆபத்தை 60% உயர்த்துகிறது.” இதில் இரண்டு தவறுகள்.

முதலாவது ‘உயர்த்துகிறது’. இரண்டையும் ஒரே நாளில் அளந்ததால் எது முதலில் வந்தது என்று தெரியாது. தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு தூக்கத்தையும் கெடுக்கும், அழுத்தத்தையும் ஏற்றும். அதை அளக்காமல் தூக்கத்தின் மேல் பழி போட முடியாது.

இரண்டாவது 60%. ஆட்ஸ் ரேஷியோ 1.6 என்பதை அப்படியே ஆபத்தாகப் படித்ததால் வந்த எண் இது. முதல் தரப்பில் நூற்றுக்கு 41 பேர், இரண்டாவதில் 30 பேர். 41-ஐ 30-ஆல் வகுத்தால் 1.37, அதாவது 37% கூடுதல், அவ்வளவுதான். ஆட்ஸ் ரேஷியோ என்பது 41/59-ஐ 30/70-ஆல் வகுத்தது. நோய் அரிதாக இருந்தால் இரண்டு கணக்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். பத்தில் மூன்று பேருக்கு இருக்கும் நோயில் ஒத்துப்போகாது.

சரி, அடுத்த பத்தி: “தூக்கத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒருவேளை ஏதேனும் தொடர்பு இருக்கக்கூடும் என்று கருத இடமிருக்கலாம்.” ஒரே வாக்கியத்தில் இத்தனை தயக்கம்! இந்த 600 பேரில் வித்தியாசம் இருந்தது, அதை எண்ணியிருக்கிறார்கள். அதற்கு ‘ஒருவேளை’ எதற்கு? இப்படி எழுதினால் வாசகர் உண்மையான கண்டுபிடிப்பையும் சேர்த்தே தள்ளிவிடுவார்.

நான் திருத்தித் தருவது இது: “குறைவாகத் தூங்கியவர்களில் 41% பேருக்கும் மற்றவர்களில் 30% பேருக்கும் உயர் ரத்த அழுத்தம் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் அளக்கப்பட்டதால், எது எதற்கு முந்தியது என்று இந்த ஆய்வு காட்டாது. தூக்கத்தில் மூச்சு தடைபடுவது இத்தொடர்பின் ஒரு பகுதிக்குக் காரணமாக இருக்கலாம், அது அளக்கப்படவில்லை.” எண்ணியதை இறந்தகாலத்தில் நேராகச் சொல்லியாயிற்று. ஊகம் வரும் இடத்தில் மட்டும் ஒரே ஒரு ‘இருக்கலாம்’, பக்கத்திலேயே அதற்கான காரணம்.

‘இந்த ஆய்வுக்கு வரம்புகள் உண்டு’ என்று கடைசியில் ஒரு பத்தி சேர்த்தால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. மேலே ‘உயர்த்துகிறது’ அப்படியே நிற்கும்போது, கீழே இருக்கும் பத்தி அதை அழிக்காது.

அப்புறம், விவாதத்தைத் திருத்திய கையோடு தலைப்பையும் சுருக்கத்தையும் திறந்து பாருங்கள். பழைய ‘உயர்த்துகிறது’ பெரும்பாலும் அங்கே இன்னும் இருக்கும். பலரும் படிப்பது அந்த இரண்டை மட்டும்தான்.