பானைக்குப் பின்னால பூனை: படக்கதையில எதுகைய எங்க வைக்கிற?

போன வருசம் மட்டக்களப்பு கல்லடியில இருக்கிற ஒரு பாலர் பாடசாலைக்காக இங்கிலிஸ் படக்கதை ஒண்ட தமிழாக்கினன். ஒரு பக்கத்துல கேள்வி, பக்கத்தத் திருப்பினா மிருகம், அவ்வளவுதான் கதை. இங்கிலிசில பாய்க்கும் பூனைக்கும் மேட், கேட் எண்டு ஒரே ஓசை, அதக் கேட்டுத்தான் புள்ளையள் திருப்ப முன்னமே பூனை எண்டு கத்தும்.

என்ட முதல் வரைவு "பாய்க்குப் பின்னால் யார்? ஒரு பூனை தூங்கிக்கொண்டிருக்கிறது." அர்த்தம் சரி, ஆனா பாய் எண்டு கேட்டு எந்தப் புள்ளையும் பூனை எண்டு சொல்லாது, அதோட அந்தக் கடைசிச் சொல்லு வாயில எட்டுத் துண்டா உடையுது, கை தட்டிப் படிச்சா தாளம் அங்கயே செத்துப் போகும். எங்கட புள்ளையள் தூங்குது எண்டும் சொல்லாதுகள், நித்திரை எண்டுதான் சொல்லுங்கள்.

வரி முடிவுல ஓசைய வைக்கிறது தமிழுல லேசு, மிருகத்துக்கு வாற வினைச்சொல்லு கனக்க "து"வுலதானே முடியுது, ஆடுது ஓடுது பாடுது எண்டு எழுதிக்கிட்டே போகலாம், ஆனா அது எல்லா வரியிலயும் வாறதால காது அதப் பெருசா எடுக்காது. நம்மட காது பிடிக்கிறது வரித் தொடக்கத்த, ரெண்டாம் எழுத்து ஒத்து வாற எதுகைய. அப்ப கேள்வி தொடங்குற சொல்லும் விடைச் சொல்லும் எதுகையாகணும், விடைப் பக்கத்துல வினைச்சொல்லே வேணாம்.

ஆனா படத்துல இல்லாததச் சொல்ல ஏலாது, புள்ளை விரல வச்சு எங்க எண்டு கேட்கும். திரும்பத் திரும்பப் படத்தப் பாத்தன், பாய்க்குப் பக்கத்துல ஒரு பானையும் இருக்கு!

"பானைக்குப் பின்னால வாலு ஆடுது, ஆரு?" திருப்பினா, "பூனை!"

வரைவப் புள்ளையளுக்கு நான் படிச்சுக் காட்டல்ல, அத முன்னப்பின்ன பாக்காத மிஸ் ஒராளிட்டக் குடுத்துட்டு எங்க தடக்குறா எண்டு பென்சிலால குறிச்சன். அவ தடக்கல்ல, ஆனா பாதிப் புள்ளையள் "யானை" எண்டு கத்திச்சுதுகள்! அதுவும் எதுகைதானே, பிழை புள்ளையளுல இல்ல. "பானைக்குப் பின்னால பஞ்சு வாலு ஆடுது, ஆரு?" எண்டு மாத்தினன். யானை போயிட்டு, "பா"வும் "ப"வும் மோனையாச் சேந்து தாளமும் இறுகிட்டு.

எல்லா இடத்துலயும் இப்பிடி அமையாது. தவளைக்கு எதுகை தேடினா குவளை வரும், இங்க ஆரு குவளை எண்டு சொல்லுற, கோப்பைதானே. வாயில இல்லாத சொல்ல ஓசைக்காக வச்சா படிக்கிற ஆள் நிண்டு விளக்கஞ் சொல்லணும், சத்தமாப் படிக்கிற சுகம் அதோட போயிடும். அங்க எதுகைய விட்டுட்டு மோனையப் பிடிச்சன். படத்துல குளம் இருந்திச்சு.

"தண்ணிக்குள்ள தொபுக்கெண்டு குதிச்சது ஆரு?"

மிஸ் பக்கத்தத் திருப்பல்ல, தவளை எண்டு சத்தம் வந்திட்டு.