கிரெடிட் கார்டில் வீட்டு வாடகை: ரிவார்டு புள்ளிகளை விழுங்கும் இரண்டு கட்டணங்கள்

பெரம்பூரில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து தரும் தொழிலில் இருப்பதால், ஜனவரி பிறந்ததும் வீட்டு வாடகைப் படிக்கான சான்றுகளோடு பலர் என்னிடம் வருவார்கள். ஒரு காலத்தில் வாடகை ரசீதை மட்டும் கொண்டுவந்தவர்கள், கடந்த சில ஆண்டுகளாகக் கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கொண்டுவருகிறார்கள். வாடகையைக் கார்டில் கட்டினால் ரிவார்டு புள்ளிகள் சேரும், பணம் கட்ட நாற்பது நாளுக்கு மேல் அவகாசமும் கிடைக்கும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். அந்த ஸ்டேட்மென்ட்டுகளை வரி வரியாகப் படிக்கும்போது, சேர்ந்த புள்ளிகளைவிடப் போன பணமே பெரும்பாலும் கூடுதலாக இருப்பதைக் காண்கிறேன். பணம் எந்த வழியாகப் போகிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

கட்டணம் இரண்டு இடங்களில் பிடிக்கப்படுகிறது. வாடகையைக் கார்டிலிருந்து எடுத்து உரிமையாளரின் வங்கிக் கணக்கில் போடும் செயலி, அந்தச் சேவைக்காகச் சுமார் 1 முதல் 2 சதவீதம் வரை, சில வேளைகளில் அதற்கு மேலும் வாங்குகிறது. இது பணம் கட்டும்போதே திரையில் தெரிந்துவிடும். கார்டு கொடுத்த வங்கி தன் பங்குக்குத் தனியாக ஒரு கட்டணம் போடுகிறது. இது பணம் கட்டும் நேரத்தில் எந்தத் திரையிலும் வராது. பின்னர் ஸ்டேட்மென்ட்டில் தனி வரியாக வரும், அதற்கான ஜி.எஸ்.டி. இன்னொரு வரியாக வரும். தொகை சிறியது என்பதாலும், வாடகை வரியிலிருந்து சற்றுத் தள்ளி அச்சாகியிருப்பதாலும், பலர் இதை வேறு ஏதோ கட்டணம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

வங்கிகள் இப்படிக் கட்டணம் போடத் தொடங்கியது 2022-இல். ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி அந்த ஆண்டு அக்டோபர் 20 முதல் வாடகைத் தொகையில் 1 சதவீதம் வசூலிக்கத் தொடங்கியது. எஸ்.பி.ஐ. கார்டு நிறுவனம் நவம்பரில் 99 ரூபாய் என்று ஆரம்பித்து, 2023 மார்ச்சில் அதை 199 ரூபாய் ஆக்கியது. எச்.டி.எஃப்.சி. வங்கி 2024 ஆகஸ்ட் 1 முதல், செயலிகள் வழியாகக் கட்டும் வாடகைக்கு 1 சதவீதம், ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 3,000 ரூபாய் என்று விதித்தது. இவற்றுக்கெல்லாம் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. வங்கிகள் இதில் இறங்கியதற்குக் காரணமும் இருக்கிறது. வாடகை என்ற பெயரில் மனைவிக்கோ தம்பிக்கோ கார்டிலிருந்து பணம் அனுப்பி, அதையே ரொக்கமாகச் சுழற்றிப் புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டவர்கள் நிறையப் பேர். நேர்மையாக வாடகை கட்டுபவரும் இன்று அதற்குச் சேர்த்தே விலை கொடுக்கிறார்.

ஒருவருடைய கணக்கை விரிவாகவே பார்ப்போம். அவர் திருவொற்றியூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டு ஒன்றில் மேற்பார்வையாளர். தண்டையார்பேட்டையில் மாடி வீட்டுக்கு மாதம் 18,000 ரூபாய் வாடகை. 2024-25 நிதியாண்டு முழுவதும் வாடகையைக் கார்டில் கட்டினார். வீட்டு உரிமையாளர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் குடியிருக்கிறார். வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. மூலம் அனுப்பியிருந்தால் ஒரு பைசா செலவில்லை.

செயலியின் கட்டணம் 1.5 சதவீதம், அதாவது 270 ரூபாய். ஜி.எஸ்.டி.யோடு 318 ரூபாய் 60 காசு. ஆகவே கார்டில் ஏறிய தொகை 18,318 ரூபாய் 60 காசு. வங்கி தன் 1 சதவீதத்தை இந்தக் கூட்டுத்தொகையின் மீது கணக்கிட்டதால், அது ஜி.எஸ்.டி.யோடு 216 ரூபாய் ஆனது. இரண்டும் சேர்ந்து மாதத்துக்கு ஏறத்தாழ 535 ரூபாய், ஆண்டுக்கு 6,417 ரூபாய். வாடகையில் இது கிட்டத்தட்ட 3 சதவீதம்.

வரவு என்ன என்று பார்த்தால், அவருடைய கார்டில் நூறு ரூபாய்ச் செலவுக்கு 2 புள்ளிகள், ஒரு புள்ளியின் மதிப்பு 25 காசு. அந்தக் கணக்கில் மாதம் 366 புள்ளிகள், ஆண்டுக்கு 1,098 ரூபாய் வரவேண்டும் என்று எதிர்பார்த்தார். ஆண்டில் 2 லட்சம் செலவழித்தால் 999 ரூபாய் ஆண்டுக் கட்டணம் தள்ளுபடி என்பதும் அவருக்குத் தெரியும். வாடகையே 2 லட்சத்து 16 ஆயிரம் ஆகிவிடுவதால் ஜி.எஸ்.டி.யோடு 1,179 ரூபாய் மிச்சம் என்று கருதினார். நாற்பது நாள் அவகாசத்தில் 18,000 ரூபாய் சேமிப்புக் கணக்கில் 3 சதவீத வட்டிக்குக் கிடந்தால் மாதம் 59 ரூபாய், ஆண்டுக்குச் சுமார் 700 ரூபாய். அவர் எதிர்பார்த்த அத்தனையும் கைக்கு வந்திருந்தாலும் மூவாயிரத்தைத் தாண்டாது. போனதோ ஆறாயிரத்துக்கு மேல்.

நடந்தது அதைவிட மோசம். அந்த வங்கியின் விதிப்படி வாடகைக்குப் புள்ளியே கிடையாது. ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கான செலவுக் கணக்கிலும் வாடகை சேராது. ஸ்டேட்மென்ட்டின் புள்ளிப் பகுதியில் மாதந்தோறும் ஐம்பது, அறுபது புள்ளிகள்தான் ஏறியிருந்தன. அவை மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வந்தவை. மார்ச் மாத இறுதியில் ஆண்டுக் கட்டணமும் பிடிக்கப்பட்டபோதுதான் அவருக்குச் சந்தேகம் வந்தது.

இந்த விலக்கை வங்கிகள் மறைப்பதில்லை. 2023, 2024 ஆண்டுகளில் பல வங்கிகள் தங்கள் கார்டுகள் பலவற்றில் வாடகைக்கான புள்ளிகளை நிறுத்தி, அதை விதிமுறைகளில் எழுதியும் வைத்தன. கார்டின் விளம்பரப் பக்கத்தில் அது கண்ணில் படாது. கட்டணங்களையும் விலக்குகளையும் பட்டியலிடும் முக்கிய விதிமுறைகள் ஆவணத்தில் இருக்கும். அதில் புள்ளி பெறாத செலவுகள், ஆண்டுக் கட்டணத் தள்ளுபடியில் சேராத செலவுகள் என்ற இரு பகுதிகளையும் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒன்றில் வாடகை விலக்கப்பட்டு மற்றொன்றில் அனுமதிக்கப்பட்ட கார்டுகளும் உண்டு. வணிக வகைக்கு ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் நான்கு இலக்கக் குறியீடு ஒன்று பதிவாகும், வாடகைக்குரியது 6513. விதிமுறையில் இந்த எண்ணை மட்டும் போட்டு விலக்கியிருந்தாலும் பொருள் அதுவே.

சதவீதமாக வரும் கட்டணமும் நிலையான தொகையாக வரும் கட்டணமும் எல்லோரையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. 199 ரூபாய்க் கட்டணம் ஜி.எஸ்.டி.யோடு 235 ரூபாய் ஆகிறது. அண்ணா நகரில் 40,000 வாடகை கட்டுபவருக்கு அது அரை சதவீதத்துக்குச் சற்று மேல். ராயபுரத்தில் 8,000 ரூபாய்க்கு ஓர் அறை வீட்டில் இருப்பவருக்கு அதுவே ஏறக்குறைய 3 சதவீதம். செயலியின் கட்டணம் அதற்கு மேல் வேறு. நம் பகுதியின் வாடகைகளுக்கு இந்த நிலையான கட்டணம் ஒத்துவரவே வராது என்பது என் கருத்து.

இதில் லாபம் வரும் சந்தர்ப்பமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்குப் பத்தாயிரமோ பதினைந்தாயிரமோ மட்டும் குறைகிறது, அந்தக் கணக்கில் வாடகை சேரும் என்று விதிமுறையிலேயே இருக்கிறது என்றால், 15,000 ரூபாய் வாடகையை ஒரே ஒரு மாதம் கார்டில் கட்டி, சுமார் 450 ரூபாய் செலவில் 1,179 ரூபாயை மிச்சப்படுத்தலாம். அதை மாத வழக்கமாக்கும்போதுதான் கணக்கு தலைகீழாகிறது.

பில்லை முழுவதும் கட்ட முடியாத ஒரு மாதம் வந்தால் இந்தக் கணக்குகளுக்கே வேலையில்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், வாடகை கார்டில் ஏறிய நாளிலிருந்தே வட்டி ஓடும். மாதம் 3.5 சதவீதம் என்றால் 18,300 ரூபாய்க்கு ஒரு மாத வட்டி 640 ரூபாய், ஜி.எஸ்.டி.யோடு 756 ரூபாய். பழைய பாக்கி தீரும்வரை புதிய செலவுகளுக்கும் வட்டியில்லா அவகாசம் கிடைக்காது. சம்பளம் தாமதமாகும் நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள், இந்த ஒரு காரணத்துக்காகவே வாடகையைக் கார்டில் ஏற்றாமல் இருப்பது நல்லது.

2025 செப்டம்பர் 15 அன்று ரிசர்வ் வங்கி, பணப் பரிமாற்ற இடைநிலை நிறுவனங்களுக்கான புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. அந்த நிறுவனங்கள் தங்களோடு ஒப்பந்தம் செய்து, அடையாளச் சரிபார்ப்பு முடித்த வணிகர்களுக்கு மட்டுமே பணம் வாங்கித் தர வேண்டும் என்பது அதன் சாரம். வீட்டு உரிமையாளர்களில் பெரும்பாலோர் அப்படிப் பதிவான வணிகர்கள் அல்லர் என்பதால், முன்னணிச் செயலிகள் பல கார்டில் வாடகை கட்டும் சேவையை நிறுத்தின. இன்று இந்தச் சேவையைத் தரும் செயலி எதுவானாலும், உரிமையாளரின் பான் எண்ணையும் அடையாள விவரங்களையும் எப்படிச் சரிபார்க்கிறது என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

இதற்குப் பிறகு இரண்டு குறுக்கு வழிகளைப் பார்க்கிறேன். கடையில் ஸ்வைப் மிஷினில் கார்டைத் தேய்த்து, கமிஷன் போக மீதியை ரொக்கமாக வாங்கி வாடகை கொடுப்பது ஒன்று. வாங்காத பொருளுக்குப் போடப்படும் இந்தப் பில் கார்டு ஒப்பந்தத்துக்கு எதிரானது. தெரியவந்தால் வங்கி கார்டையே முடக்கலாம். உரிமையாளரே மளிகைக் கடையோ ஹார்டுவேர்க் கடையோ வைத்திருந்தால், அவருடைய கடை கியூ.ஆர். குறியீட்டில் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. வழியாகப் பயன்படுத்தி வாடகை கட்டுவது இன்னொன்று. ரூபே கிரெடிட் கார்டிலிருந்து தனிநபருக்குப் பணம் அனுப்ப முடியாது, வணிகருக்கு மட்டுமே முடியும் என்பதால் இந்த யோசனை பிறந்திருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்காரரின் கணக்கைப் பார்த்தபோது, குடியிருப்பவர்கள் மூவர் கட்டிய வாடகை முழுவதும் கடை விற்பனையோடு கலந்து, கடைக் கணக்கிலேயே வரவாகியிருந்தது. அவருக்கு அது ஜி.எஸ்.டி. விற்றுமுதல் கணக்கில் குழப்பம். குடியிருப்பவருக்கோ, வாடகைப் படிக்குச் சான்று கேட்கும்போது கையில் இருப்பது மளிகைக் கடைக்குப் பணம் கட்டிய பதிவு மட்டும்.

ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் உரிமையாளரின் பான் எண்ணையும் கையொப்பமிட்ட ரசீதையும் அலுவலகம் கேட்கும். வாடகையை எந்த வழியில் கட்டினாலும் ரசீதில் வாடகைத் தொகை மட்டுமே இருக்க வேண்டும். தண்டையார்பேட்டை நண்பர் செயலிக்குக் கொடுத்ததையும் சேர்த்து மாதம் 18,318 என்று படிவத்தில் நிரப்பியிருந்தார். கட்டணத்துக்கு வரிச்சலுகை கிடையாது என்பதால் அதை 18,000 என்று திருத்திக் கொடுத்தேன். இப்போது அவர் மாதம் 5-ஆம் தேதி யு.பி.ஐ.யில் அனுப்பிவிட்டு, கீழே இறங்கி ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்.