சட்டைல சிவப்பா இருக்கறது எல்லாம் ரத்தம் இல்ல

ஒரு ஞாயித்துக்கெழம ராத்திரி கடை வாட்ஸப்புக்கு ஒரு போட்டோ வந்துச்சு. வெள்ளச் சட்டை, பாக்கெட்டுக்குக் கீழ செங்கல் கலர்ல ஒரு கறை, அவ்ளோதான், ஒரு வார்த்தகூட எழுதல. லாண்ட்ரி வச்சிருக்கற எனக்கு இப்படித்தான் தெனமும் வருது. போட்டோவ மட்டும் பாத்தா ரத்தம்னு தோணும், வெத்தலைன்னும் தோணும், இரும்புத் துருன்னும் தோணும், மூணுக்கும் வைத்தியம் வேற வேற.

அதனால நாலு விஷயம் கேட்டேன். என்ன சிந்துச்சு, எப்போ, என்ன துணி, இதுவரைக்கும் என்னென்ன போட்டீங்க. கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். பதில் வந்துச்சு: "மத்தியானம் கல்யாணத்துல சாம்பார் கொட்டிருச்சு அண்ணா, காட்டன்தான், உடனே சோப்பு போட்டுத் தேச்சேன், செவந்துருச்சு."

நடந்தது இதுதான். மஞ்சள்ல இருக்கற குர்குமின், சோப்போட காரம் பட்டா செவப்பா மாறிடும், புளிப்பு பட்டா திரும்ப மஞ்சளாயிடும். சோப்ப நல்லா அலசிட்டு, ஒரு மக் தண்ணில ரெண்டு ஸ்பூன் வினிகர் கலந்து ஊத்தச் சொன்னேன், ஊத்துனதும் மஞ்சளாச்சு, அப்போ மஞ்சள்தான்னு உறுதி. ரத்தமா இருந்தா இப்படி மாறாது, அதுக்குப் பச்சத்தண்ணிதான், சுடுதண்ணி பட்டா துணில கெட்டியா ஒட்டிக்கும்.

அப்புறம் சாம்பார்ல எண்ணெய் இருக்குல்ல, அத மொதல்ல எடுக்கணும், பாத்திரம் கழுவுற லிக்விட் கொஞ்சம் தடவி பத்து நிமிஷம் விட்டு அலசணும், அதுக்கப்புறம் ஈரத்தோடயே வெயில்ல போடணும். குர்குமினுக்கு வெயில் ஆகாது, தானா வெளுத்துரும். ரெண்டு நாள் வெயில்ல அவர் சட்டை சுத்தமாயிடுச்சு. கறை போற வரைக்கும் அயர்ன் மட்டும் பண்ணவே கூடாது, சூடு பட்டா எண்ணெய்க்கறை துணில இறுகிடும்.

இதே சாம்பார் பட்டுச் சட்டைல கொட்டியிருந்தா நான் இதுல பாதியச் சொல்லியிருக்க மாட்டேன். வெயில்ல கறையோட சேத்து பட்டோட சாயமும் வெளுக்கும், காரமான சோப்பு பட்டு நூலையே கெடுக்கும், குளோரின் பிளீச் ஊத்துனா நூல் அரிச்சுப் போயிரும். மேல இருக்கறத ஒத்தி எடுத்துட்டு, தேய்க்காம, டிரை கிளீனிங்குக்கு குடுத்துருங்க.

அடுத்த வாரமே ஒரு கார்பெட் போட்டோ, அதுவும் மஞ்சள் கறை, அதுலயும் மெசேஜ் இல்ல. என்ன நூல்னு அவங்களுக்கே தெரியல. ஓரத்துல ஒரு நூல் பிச்சு, சிங்க்குக்கு மேல புடிச்சு கொளுத்தி மோந்து பாக்கச் சொன்னேன். முடி கருகுற வாசனை வந்துச்சு, அப்போ பெரும்பாலும் கம்பளிதான், அதுவும் பட்டு மாதிரி காரம் தாங்காது. பாலியஸ்டரா இருந்தா உருகி கெட்டி மணியாயிருக்கும். பச்சத்தண்ணில கொஞ்சூண்டு லிக்விட் கலந்து வெள்ளத்துணியால வெளிலருந்து உள்ளாற ஒத்தி எடுக்கச் சொன்னேன், எண்ணெய் போயிருச்சு, லேசா மஞ்சள் மட்டும் நின்னுருச்சு, அதுக்கு மேல வீட்ல எதுவும் போட வேணாம்னு சொல்லி கடைக்கு எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்.